1790 மைசூர்ப் போர் ஏன் மூண்டது? நெடுங்கோட்டை முதல் பாராமகால் வரை ஒரு காரண ஆய்வு

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை ஆங்கிலேயர் சண்டை போட்டுப் பிடிக்கவில்லை. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கம்பெனிப் படை அடிவாரத்துப் பேட்டையைப் பிடித்தது, கீழ்க்கோட்டைக்குள்ளும் புகுந்தது. மேல்கோட்டையில் திப்புவின் வீரர்கள் விடாமல் எதிர்க்கவே திரும்பிப் போனது. நான்கு மாதம் கழித்து, 1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கோட்டையும் அதைச் சுற்றியிருந்த பாராமகால் முழுவதும் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பெரும்பகுதி அப்படித்தான் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

1790இல் வந்த இந்த மூன்றாம் மைசூர்ப் போர் ஏன் தொடங்கியது என்று எங்கள் பக்கத்தில் கேட்டால் மூன்று விதமான பதில் கிடைக்கும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ‘திப்பு திருவிதாங்கூரைத் தாக்கினார், அதனால்’ என்பார்கள். கோட்டையைப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் ‘பாராமகாலைப் பிடிக்கத்தான் வெள்ளைக்காரன் வந்தான்’ என்பார்கள். அரசியல் பேசுபவர்கள் ‘நாடு பிடிக்கும் ஆசை, வேறென்ன’ என்று முடித்துவிடுவார்கள். கிருஷ்ணகிரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்த மூன்று பதிலும் அடிக்கடி காதில் விழும். மூன்றையும் ஒரே கேள்விக்கான போட்டிப் பதில்களாக வைத்து வாதாடுவதில்தான் சிக்கலே தொடங்குகிறது. முதல் பதில் உடனடிக் காரணத்தைச் சொல்கிறது. மூன்றாவது பதில் நீண்டகாலக் காரணத்தின் ஒரு பகுதியைத் தொடுகிறது. இரண்டாவது பதில் காரணமே அல்ல, போரின் விளைவு. குறுகியகாலக் காரணத்தையோ யாருமே சொல்வதில்லை. இந்தப் போரைப் பொறுத்தவரை அதிகம் விளக்குவது அதுதான் என்பது என் எண்ணம்.

பிரித்துப் பார்க்க நான் பயன்படுத்தும் வழி இதுதான். ஒரு போரைப் பற்றி மூன்று தனித்தனிக் கேள்விகள் கேட்க வேண்டும். இந்த இரண்டு தரப்பும் ஏன் பகைவர்கள் ஆனார்கள்? அந்தப் பகை ஏன் குறிப்பிட்ட இந்த ஓரிரு ஆண்டுகளில் போராக மாறும் நிலைக்கு வந்தது? எத்தனையோ உரசல்கள் நடந்திருக்க, ஏன் இந்த ஒரு சம்பவம் போரைக் கிளப்பியது? முதல் கேள்விக்கான பதில் நீண்டகாலக் காரணம், இரண்டாவதற்கானது குறுகியகாலக் காரணம், மூன்றாவதற்கானது உடனடிக் காரணம். ஒரு காரணம் எந்த வகை என்பதை அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு பழையது என்பது அதற்கு அளவுகோல் ஆகாது. இதற்கு ஒரு நல்ல உதாரணம் இந்தப் போரிலேயே இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

பழைய பகை

மைசூருக்கும் சென்னையிலிருந்த கம்பெனிக்கும் இடையே முதல் போர் 1767இல் தொடங்கியது. ஹைதர் அலியின் மைசூர் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. கம்பெனியோ ஆற்காட்டு நவாபை முன்னால் நிறுத்திக்கொண்டு கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட தமிழகச் சமவெளியில் வேர்விட்டுக்கொண்டிருந்தது. மேட்டுநிலத்துக்கும் சமவெளிக்கும் நடுவில் படிக்கட்டு போலக் கிடந்தது பாராமகால். ஓசூர்ப் பக்கத்து மேட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக இறங்கினால் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், அங்கிருந்து கிழக்கே செங்கம் கணவாய், அதைத் தாண்டினால் திருவண்ணாமலை, ஆற்காடு. 1767 செப்டம்பரில் ஹைதரின் படையும் கம்பெனிப் படையும் செங்கத்தில் மோதின. 1780இல் ஹைதர் பெரும்படையோடு கர்நாடகத்துக்குள் இறங்கியதும் இந்தத் திசையில்தான். அந்த இரண்டாம் போரில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை ஒன்று அடியோடு நொறுங்கியது. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு போர் முடிந்தது. பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கே போனார்கள். கம்பெனி அதிகாரிகள் பலருக்கு அது அவமானமாகப் பட்டது.

ஆக, சென்னையைப் பயமுறுத்தக்கூடிய ஒரு வலுவான அரசு, அதைப் பொறுத்துக்கொள்ள முடியாத ஒரு கம்பெனி, இருவருக்கும் நடுவே கதவு இல்லாத வாசலாகக் கணவாய்கள். நீண்டகாலக் காரணம் இதுதான். இதில் சந்தேகம் இல்லை.

ஆனால் இதை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினால் விளக்கம் பாதியில் நிற்கும். ஏனென்றால் இதே பகை 1785இலும் இருந்தது, 1786இலும் இருந்தது, 1788இலும் இருந்தது. அந்த ஆண்டுகளில் போர் வரவில்லை. போர் வந்த ஆண்டிலும் வராத ஆண்டிலும் ஒரே மாதிரி இருந்த ஒரு விஷயம், போர் ஏன் அப்போது வந்தது என்பதை விளக்காது. நீண்டகாலக் காரணங்களை எழுதும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மராத்தியருக்கும் ஹைதராபாத் நிஜாமுக்கும்கூட மைசூரோடு நெடுநாள் பகைதான். வெறும் பகையைக் கணக்கில் எடுத்தால் யார் யாரோடு வேண்டுமானாலும் போர் தொடுத்திருக்கலாம்.

1787 முதல் 1789 வரை மாறியது என்ன?

குறுகியகாலக் காரணங்களைத் தேட, போர் மூண்ட நாளிலிருந்து பின்னோக்கி நடந்து, ‘எது புதிதாக மாறியது’ என்று மட்டும் பார்க்க வேண்டும். மூன்று மாற்றங்கள் தெரிகின்றன.

முதலாவது, மைசூர் தனிமைப்பட்டது. 1785 முதல் 1787 வரை திப்பு மராத்தியரோடும் நிஜாமோடும் போரிட்டார். கஜேந்திரகட் உடன்படிக்கையோடு அது முடிந்தது, மனக்கசப்பு தீரவில்லை. முந்தைய போரில் மைசூரும் மராத்தியரும் நிஜாமும் கம்பெனிக்கு எதிராகக் கூடிப் பேசியவர்கள். இப்போது அந்த இருவரையும் கம்பெனி தன் பக்கம் இழுக்க முடியும் என்ற நிலை வந்தது.

இரண்டாவது, பிரெஞ்சு உதவி கானலாகப் போனது. திப்புவின் தூதர்கள் 1788இல் பாரிசுக்குப் போய்ப் பதினாறாம் லூயியைப் பார்த்தார்கள். மரியாதை கிடைத்தது, படை கிடைக்கவில்லை. அரசனின் கஜானாவே காலியாகிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. மைசூருக்கு இருந்த ஒரே ஐரோப்பியத் துணை, துணை செய்யக்கூடிய நிலையில் இல்லை.

மூன்றாவது மாற்றம்தான் இரண்டு தரப்பையும் நேருக்கு நேர் நிறுத்தியது. கேரளக் கரையில் கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை என்று இரண்டு சிறு கோட்டைகள் டச்சுக்காரர்களிடம் இருந்தன. 1789 கோடையில் திருவிதாங்கூர் மன்னர் ராம வர்மா அவற்றை விலைக்கு வாங்கினார். திப்புவுக்கு ஆத்திரம் வந்தது. கொச்சி தனக்குக் கப்பம் கட்டும் நாடு, அந்தக் கோட்டைகள் நிற்பது கொச்சியின் மண், அதை விற்க டச்சுக்காரன் யார் என்பது அவர் கேள்வி. திருவிதாங்கூரின் வடக்கு எல்லையில் கடலோரத்திலிருந்து மலை வரை நீண்டிருந்த நெடுங்கோட்டை என்ற மண் அரணின் ஒரு பகுதியும் கொச்சி நிலத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று அவர் நீண்ட நாளாகவே சொல்லிவந்தார். இது வெறும் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. சென்னை ஆளுநர் ஜான் ஹாலண்டும் கம்பெனியின் தலைமை ஆளுநர் கார்ன்வாலிசுமே முதலில் இந்தக் கொள்முதலை விரும்பவில்லை.

அதே 1789 ஜூலையில் கார்ன்வாலிஸ் நிஜாமுக்கு ஒரு கடிதம் எழுதினார். கம்பெனி தரும் படையை நிஜாம் இன்னின்ன அரசுகள் மேல் ஏவக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலில் மைசூர் இல்லை. அதாவது மைசூருக்கு எதிராக ஏவலாம். திப்புவோடு சமாதான உடன்படிக்கை நடைமுறையில் இருக்கும்போதே எழுதிய கடிதம் இது.

இந்த மூன்றையும் ஏன் குறுகியகாலக் காரணம் என்கிறேன்? ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் கணக்கை மாற்றியது. மராத்தியர், நிஜாம் பக்கம் ஏற்பட்ட மாற்றம் போரின் செலவையும் ஆபத்தையும் கம்பெனிக்குக் குறைத்தது. பிரான்சின் நிலை, போர் தொடுத்தால் கடல் வழியே யார் வருவார்கள் என்ற பயத்தைக் குறைத்தது. கோட்டை விற்பனை, ‘பொறுத்தால் இன்னும் இழப்போம்’ என்ற எண்ணத்தைத் திப்புவுக்குத் தந்தது. பகையை இவை புதிதாக உண்டாக்கவில்லை. இருந்த பகையைப் போர் வழியாகத் தீர்த்துக்கொள்வது லாபம் என்று தோன்றும் காலத்தை உண்டாக்கின.

1789 டிசம்பர் 29

அந்த அதிகாலையில் திப்புவின் படை நெடுங்கோட்டையைத் தாக்கியது. ஒரு பகுதியில் உள்ளே புகுந்தும் விட்டது. பிறகு திருவிதாங்கூர் வீரர்களின் எதிர்த்தாக்குதலில் குழப்பம் ஏற்பட்டு, அகழியில் விழுந்தும் மிதிபட்டும் பலர் இறந்தார்கள். திப்பு பின்வாங்கினார். தப்பி ஓடியவர்களைத் தேடிப் போன தன் ஆட்களைத் திருவிதாங்கூர் வீரர்கள் முதலில் சுட்டதால் வந்த கைகலப்பு என்று பிறகு விளக்கம் கொடுத்தார். திட்டமிட்ட தாக்குதல் என்றது கம்பெனி. கார்ன்வாலிஸ் இதைப் போர்ப் பிரகடனமாகவே எடுத்துக்கொண்டார்.

ஒரு சம்பவத்தை ஏன் உடனடிக் காரணம் என்கிறோம் என்பதைப் புரிந்துகொள்ள, அதைப் போன்றே இருந்தும் போரைக் கிளப்பாத இன்னொரு சம்பவத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் போரில் அதற்கு அருமையான ஒப்பீடு கிடைக்கிறது. 1788இலும் 1789இலும் திப்பு மலபாரில் கடுமையான படையெடுப்பு நடத்தினார். கலகங்களை அடக்கினார், நாயர் பிரபுக்களும் குடிமக்களும் கூட்டம் கூட்டமாகத் திருவிதாங்கூருக்குள் ஓடிவந்தார்கள். ரத்தம் என்று பார்த்தால் நெடுங்கோட்டை மோதலைவிட அது பெரியது. அதே அரசர், அதே படை, ஏறக்குறைய அதே வட்டாரம். கம்பெனி அசையவில்லை. நெடுங்கோட்டையில் ஒரு காலை நேரம் நடந்த மோதலுக்கோ தென்னிந்தியா முழுவதும் பற்றிக்கொண்டது.

வித்தியாசம் சம்பவத்தின் அளவில் இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. அது இருப்பது 1784இல் எழுதப்பட்ட இரண்டு காகிதங்களில். ஒன்று மங்களூர் உடன்படிக்கை. அதில் திருவிதாங்கூர் மன்னர் கம்பெனியின் நண்பர் என்று பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தார். மலபார் அரசர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இன்னொன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய பிட் இந்தியச் சட்டம். இந்தியாவில் நாடு பிடிப்பது பிரிட்டனின் விருப்பத்துக்கும் கௌரவத்துக்கும் எதிரானது என்று அந்தச் சட்டம் சொன்னது. கம்பெனியின் மீதோ, அது காப்பதாக ஒப்புக்கொண்ட நட்பு அரசின் மீதோ தாக்குதல் நடந்தாலோ, தாக்க ஆயத்தம் நடந்தாலோ ஒழிய, லண்டன் அனுமதி இல்லாமல் தலைமை ஆளுநர் போர் தொடுக்கக் கூடாது. கார்ன்வாலிசுக்கு மைசூரைத் தாக்க மனம் இருந்திருக்கலாம், 1789 டிசம்பர் வரை சட்டப்படி வழி இல்லை. நெடுங்கோட்டைத் தாக்குதல் அந்த வழியைத் திறந்துவிட்டது.

முன்னால் சொன்ன உதாரணம் இந்தச் சட்டம்தான். தேதியை வைத்து அடுக்கினால் பிட் சட்டம் கோட்டை விற்பனைக்கு ஐந்து ஆண்டு முந்தியது, எனவே நீண்டகாலக் காரணங்களின் வரிசையில் போய் உட்காரும். அங்கே அதற்கு வேலையே இல்லை. அது பகையை வளர்க்கவில்லை, உண்மையில் போரைத் தடுத்துக்கொண்டிருந்தது. எந்த வகைச் சம்பவம் போரைக் கிளப்ப முடியும், எது முடியாது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்ததுதான் அது செய்த காரியம். ஆகவே அதைப் பற்றிப் பேச வேண்டிய இடம் உடனடிக் காரணத்தை விளக்கும் பத்தி. தேதி வாரியாக அடுக்கும் பழக்கம் இந்தத் தொடர்பை மறைத்துவிடும்.

இன்னொன்று. டிசம்பர் 29க்கும், ஹாலண்டுக்குப் பின் சென்னை ஆளுநரான மெடோஸின் படை திருச்சியிலிருந்து புறப்பட்ட 1790 மே இறுதிக்கும் நடுவே ஐந்து மாதம் ஓடியது. அந்த இடைவெளியில் ஆளுநர் ஹாலண்டு தயங்கித் தயங்கிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். திப்புவும் பேச்சுக்குத் தயார் என்று எழுதினார். பிப்ரவரியில் ஹாலண்டு போய் மெடோஸ் வந்தார். ஏப்ரலில் திப்பு மறுபடி தாக்கி நெடுங்கோட்டையை உடைத்தார், மே மாதத்தில் கொடுங்கல்லூர் விழுந்தது. ஜூன் 1 அன்று மராத்தியரின் பேஷ்வாவோடும் ஜூலை 4 அன்று நிஜாமோடும் கம்பெனியின் கூட்டணி கையெழுத்தானது. உடனடிக் காரணம் நடந்த மறுநொடி போர் தானாக வந்துவிடவில்லை. மனிதர்கள் பல மாதம் யோசித்து, வேறு வழியை விட்டுவிட்டுப் போரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஐந்து மாதத்தையும் ‘அதனால்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கி எழுதும்போது, முடிவெடுத்தவர்களின் பொறுப்பு காணாமல் போய்விடுகிறது.

தாக்காமல் இருந்திருந்தால்?

காவேரிப்பட்டணத்திலிருந்து வரும் ஒரு மாணவி இதைப் படித்தபோது கேட்டாள்: “சார், நெடுங்கோட்டையத் தாக்காமலே இருந்திருந்தா போரே வந்திருக்காதா? இல்ல, எப்படியும் வந்திருக்குமா?”

“எந்தப் போரைக் கேக்கிறம்மா?” என்று திருப்பிக் கேட்டேன். “1790இல் வந்த இந்தப் போரா, இல்ல என்னைக்கோ ஒரு நாள் வரக்கூடிய ஒரு போரா?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ரெண்டும் வேற வேற கேள்வி, இல்லைங்களா சார்?” என்றாள். ஆம், வேறு வேறு கேள்விதான். என்றைக்கோ ஒரு மைசூர்ப் போர் வந்திருக்கும் என்று நீண்டகாலக் காரணங்களை வைத்து ஓரளவு துணிந்து சொல்லலாம். 1790இல் வந்திருக்காது என்று சட்டத்தை வைத்துச் சொல்லலாம். ஆனால் தள்ளிப்போன போர் இதே போராக இருந்திருக்குமா என்பதுதான் முக்கியம். 1793 பிப்ரவரியில் பிரான்சும் பிரிட்டனும் போரில் இறங்கின. அதற்குப் பிறகு என்றால் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திப்புவுக்கு உதவ ஒரு காரணம் இருந்திருக்கும், கம்பெனிக்குக் கடல் பக்கமும் ஒரு கண் வைக்க வேண்டியிருந்திருக்கும். மராத்தியரும் நிஜாமும் 1795இல் தங்களுக்குள்ளேயே கர்தாவில் மோதிக்கொண்டார்கள். 1790இல் கிடைத்த அந்த முத்தரப்புக் கூட்டணி ஐந்தாண்டு கழித்துக் கிடைத்திருக்காது. உடனடிக் காரணம் போரின் ஆண்டைத் தீர்மானித்தது, ஆண்டு கூட்டாளிகளைத் தீர்மானித்தது, கூட்டாளிகள் முடிவைத் தீர்மானித்தார்கள். ‘இது இல்லாவிட்டால் வேறொன்று’ என்று உடனடிக் காரணத்தை அலட்சியமாகத் தள்ளுபவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தச் சங்கிலியைத்தான்.

பாராமகாலுக்காகவா போர்?

இப்போது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் பதிலுக்கு வருகிறேன். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டார், இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். கம்பெனியின் பங்கில் மலபாரும் திண்டுக்கல்லும் பாராமகாலும் சேலம் பகுதியும் வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு பாராமகாலை நிர்வகிக்க வந்தார், அவருக்கு உதவியாளராக வந்தவர்தான் பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ. இவ்வளவையும் பார்த்தவர்களுக்கு ‘இதற்காகத்தானே வந்தார்கள்’ என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் போரின் முடிவில் எடுத்துக்கொண்டதை வைத்துப் போரின் தொடக்கத்தில் இருந்த நோக்கத்தைச் சொல்வது ஆபத்தான குறுக்குவழி. சண்டை நடக்க நடக்க நோக்கங்கள் வளரும். இதைச் சோதிக்க ஒரே வழி, போருக்கு முந்தைய கடிதங்களில் அந்த இடம் குறிக்கோளாக வருகிறதா என்று பார்ப்பதுதான். 1789இன் இறுதியிலும் 1790இன் தொடக்கத்திலும் பேச்செல்லாம் கொடுங்கல்லூர், நெடுங்கோட்டை, நட்பு மன்னரைக் காக்கும் கடமை ஆகியவற்றைச் சுற்றித்தான் நடக்கிறது. மெடோஸின் முதல் படையெடுப்பும் கரூர், கோயம்புத்தூர், திண்டுக்கல், பாலக்காடு என்று தெற்கே போனது. பாராமகாலுக்குள் மேக்ஸ்வெலின் படை வந்தது 1790இன் இறுதியில்தான். ராயக்கோட்டை கம்பெனி கைக்கு வந்தது 1791 ஜூலையில், பெங்களூரை கார்ன்வாலிஸ் பிடித்து நான்கு மாதம் கழித்து, அங்கே நிற்கும் படைக்குத் தானியமும் மாடும் போக வழி வேண்டும் என்ற தேவையில்.

அதற்காகப் பெரியவர்கள் சொல்வதை முழுக்க ஒதுக்கிவிடவும் கூடாது. பேரம் பேச உட்கார்ந்தபோது கம்பெனி இந்தக் கணவாய் நிலத்தைக் கேட்டது ஏன் என்றால், 1767இலும் 1780இலும் பட்ட அடி மறக்கவில்லை. எனவே பாராமகால் கைமாறியது, நீண்டகாலக் காரணம் ஒன்று உண்மையில் இருந்தது என்பதற்குச் சாட்சி. 1790இல் போர் என்று முடிவெடுத்தபோது கார்ன்வாலிசின் மனதில் கிருஷ்ணகிரி இருந்தது என்பதற்கு அது சாட்சியம் ஆகாது.

சாக்கும் காரணமும்

இதே பிரிப்பை 1799இன் நான்காம் போருக்குப் போட்டுப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. 1798 ஜனவரியில் மொரீசியஸின் பிரெஞ்சு ஆளுநர் மலார்ட்டிக், திப்பு நம்மோடு கூட்டணி கேட்கிறார், படைக்கு ஆள் வேண்டும் என்று ஒரு பகிரங்க அறிவிப்பு வெளியிட்டார். மங்களூரில் வந்திறங்கியவர்கள் ஏறக்குறைய நூறு பேர். மைசூர் யாரையும் தாக்கவில்லை, எந்த அரணும் உடையவில்லை. அப்போதுதான் தலைமை ஆளுநராகப் பதவிக்கு வந்திருந்த வெல்லெஸ்லி, அறிவிப்பின் செய்தி கல்கத்தாவுக்கு வந்த அந்த ஜூன் மாதமே படை திரட்டச் சொல்லிவிட்டார். சென்னை அதிகாரிகள் பணமும் மாடும் இல்லை என்று முறையிட்டதால்தான் போர் 1799 பிப்ரவரி வரை தள்ளிப்போனது.

1790இல் உடனடிக் காரணம் தடையாக நின்ற ஒரு சட்டத்தைத் தாண்ட உதவியது, அதன்பின் முடிவெடுக்க மாதக்கணக்கில் ஆனது. 1798இல் முடிவு செய்தியோடு சேர்ந்தே வந்துவிட்டது. நூறு பேர் ஒரு படையெடுப்பு ஆக மாட்டார்கள் என்பது தெரிந்த பிறகும் அது மாறவில்லை. இரண்டையும் ‘உடனடிக் காரணம்’ என்ற ஒரே தலைப்பில் ஒரு வரியில் எழுதுகிறோம். முதலாவது இல்லாமல் அந்த ஆண்டில் போர் கடினம். இரண்டாவது இல்லாவிட்டால் வெல்லெஸ்லி வேறொன்றைத் தேடியிருப்பார் என்றே நான் நினைக்கிறேன். 1792இல் திப்புவிடமே விடப்பட்டிருந்த ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டுநிலம் கம்பெனிக்குப் போனது இந்த நான்காம் போரின் முடிவில்தான். எனவே நம் மாவட்டத்தின் கீழ்ப்பாதியும் மேற்பாதியும் கைமாறிய கதையை ஒரே காரணத்தில் எழுத முடியாது, ஒவ்வொரு போருக்கும் மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.